360-க்கு 640: ஒரு செக்கு எண்ணெய்க் கடையின் முதல் திரை

நம் ஊர்ச் சிறு வியாபாரிகளின் இணையப் பக்கங்கள் பலவற்றில் ஒரே கோளாறைப் பார்க்கலாம். கடை வாசலில் மாட்டிய ஃப்ளெக்ஸ் பேனரின் படம் அப்படியே பக்கத்தின் உச்சியில் ஒட்டப்பட்டிருக்கும். கடைப் பெயர், சாமி படம், நாலைந்து பொருள்களின் படங்கள், உரிமையாளர் பெயர், இரண்டு கைபேசி எண்கள் எல்லாம் அந்த ஒரு படத்துக்குள்ளேயே இருக்கும். பத்தடி அகலத் துணியில் பஸ்ஸில் போகிறவரும் படிக்கும்படி இருந்த எழுத்து, கைபேசியில் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும்.

பக்கம் திறந்ததும், விரலால் தள்ளுவதற்கு முன்பே கண்ணில் படும் அந்த முதல் பகுதியை வெப்சைட் செய்பவர்கள் ‘ஹீரோ’ என்பார்கள். ஒரு தலைப்பு, அதன் கீழே ஓரிரு வரி, ஒரு படம், அழுத்த ஒரு பட்டன். இவ்வளவுதான் அதன் உறுப்புகள். விளம்பரத்தைத் தொட்டு வந்து இறங்குகிறவருக்காகவே செய்யப்படும் ஒற்றைப் பக்கத்தில், அதாவது லேண்டிங் பேஜில், இந்தப் பகுதிக்கு வேலை அதிகம். வந்தவர் இருப்பதா போவதா என்று பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

இதை ஒரு கடையை வைத்தே பார்க்கலாம். காங்கேயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் உண்டு. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கடலை எண்ணெய்க்கு விளம்பரம் போடுகிறார்கள். ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில். அனுப்புவது கொரியரில். பக்கம் செய்ய ஒரு இளைஞரைப் பிடித்திருக்கிறார்கள். முதல் பேச்சு எப்படி இருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

“தம்பி, போன வருசம் அடிச்ச ஃப்ளெக்ஸோட ஃபைல் அனுப்பியிருக்கேன் பாருங்க. அதையே மேல போட்டுருங்க, போதும்.”

“போட்டுரலாங்கண்ணா. ஆனா போன்ல ஒரு எழுத்தும் படிக்க முடியாதுங்களே.”

தம்பி சொல்வதில் உள்ள கணக்கு எளிது. பேனர் படம் 1600 பிக்சல் அகலம், 600 உயரம் என்று கொள்வோம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகள் இணையப் பக்கத்துக்குத் தரும் அகலம் 360 முதல் 412 பிக்சல் வரைதான். திரையில் உண்மையாக இருக்கும் புள்ளிகள் 1080 ஆக இருந்தாலும், மூன்று மூன்று புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக எண்ணிக்கொண்டுதான் பிரவுசர் பக்கத்தை அடுக்குகிறது. அப்படியானால் 1600 அகலப் படம் 360-க்குள் நுழைய, தன் அளவில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்க வேண்டும். 60 பிக்சலில் இருந்த கடைப் பெயர் 13.5 ஆகிவிடும். 32-ல் இருந்த கைபேசி எண் 7 ஆகிவிடும். படத்தின் உயரமோ வெறும் 135. திரையின் உச்சியில் ஒரு பட்டை மாதிரி ஏதோ வண்ணமாக ஓடும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அந்த எண்ணைத் தொட்டால் அழைப்பும் போகாது, ஏனென்றால் பிரவுசருக்கு அது எண்ணே இல்லை, படத்தின் ஒரு மூலை.

ஆகவே எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும், படம் படமாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை ஒப்புக்கொண்டால் மீதி வேலை இடத்தைப் பங்கிடுவதுதான்.

எவ்வளவு இடம்? 360-க்கு 800 அளவுள்ள ஒரு கைபேசியை எடுத்துக்கொள்வோம். மேலே மணியும் பேட்டரியும் காட்டும் பட்டை, அதன்கீழ் பிரவுசரின் முகவரிப் பட்டை, அடியில் திரும்பிப் போகும் பொத்தான்கள் என்று எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது ஏறக்குறைய 640 உயரம். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பக்கமானால் அந்தச் செயலி தன் பட்டையையும் ஒன்று வைத்துக்கொள்ளும். நமக்குச் சொந்தம் 360-க்கு 640. இதற்குள் அடுக்கிப் பார்ப்போம்.

கடைப் பெயரும் சின்னமும் உள்ள மேல்பட்டைக்கு 56. படத்துக்கு 240. தலைப்பு 28 பிக்சல் எழுத்தில் மூன்று வரி. வரிக்கு வரி இடைவெளியோடு 118. துணை வரிகள் இரண்டு, 16 பிக்சல் எழுத்தில் 52. பட்டன் 52. இவற்றின் நடுவே மூச்சுவிட ஐந்து இடங்களில் 16 வீதம் 80. கூட்டினால் 598. அடியில் மீதி 42 பிக்சலில் அடுத்த பகுதியின் தலை எட்டிப் பார்க்கும். அது எட்டிப் பார்ப்பது நல்லது. கீழே இன்னும் இருக்கிறது என்று வேறு எந்த அம்புக்குறியும் இல்லாமலே தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கையே கெடுத்துவிடும் ஒரு பழக்கம் உண்டு. ஹீரோ பகுதி திரை முழுக்க நிறைய வேண்டும் என்று `100vh` என்ற அளவைக் கொடுப்பது. கைபேசியில் அது முகவரிப் பட்டை மறைந்தபின் கிடைக்கும் உயரத்தைக் குறிக்கும். பக்கம் திறக்கும்போதோ பட்டை மறைந்திருக்காது. ஆகவே அடியில் வைத்த பட்டன் பாதி வெட்டுப்பட்டோ, முழுதும் கீழே போயோ கிடக்கும். 2022-ல் முக்கிய பிரவுசர்களுக்கு வந்துசேர்ந்த `100svh` என்ற அளவு பட்டை இருக்கும்போதுள்ள உயரத்தைத் தருவதால் இந்தக் கோளாறு நீங்கும். என்னைக் கேட்டால் சிறு கடைக்கு இரண்டுமே வேண்டாம். உள்ளே இருப்பதற்குத் தக்க உயரம் தானாக அமையட்டும்.

இன்னொன்றும் முதலிலேயே சரிபார்க்க வேண்டியது. பக்கத்தின் தலைப்பகுதியில் இந்த ஒரு வரி இருக்க வேண்டும்:

```html
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

2007-ல் ஐபோன் வந்தபோது அன்றிருந்த பக்கங்கள் எல்லாம் கணினிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றைக் காட்ட அந்தப் போன் பக்கத்தை 980 பிக்சல் அகலத்தில் அடுக்கி, பிறகு மொத்தமாகச் சுருக்கியது. அந்த வழக்கம் இன்றும் கைபேசிப் பிரவுசர்களில் தொடர்கிறது. மேலே உள்ள வரி இல்லாவிட்டால் நம் பக்கமும் அப்படித்தான் சுருங்கும், 360 என்று நாம் போட்ட கணக்கெல்லாம் வீணாகும். ரெடிமேட் தீம்களில் இது இருக்கும். கையால் எழுதிய பக்கங்களில் விட்டுப்போயிருப்பதைப் பார்க்கலாம்.

இனி தலைப்பு. உரிமையாளர் எழுதிக் கொடுத்தது ‘பாரம்பரியத்தின் சுவை, ஆரோக்கியத்தின் வழி’. இதைச் சிறுதானியக் கடைக்கும் வைக்கலாம், சித்த மருந்துக் கடைக்கும் வைக்கலாம், ஓட்டலுக்கும் வைக்கலாம். வந்தவர் தொட்டது கடலை எண்ணெய் விளம்பரம். அவர் மனதில் இருக்கும் முதல் கேள்வி, தான் சரியான இடத்துக்குத்தான் வந்தோமா என்பது. ‘வாகை மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்’ என்று இருந்தால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடும். நல்லெண்ணெய்யும் விற்கிறோமே என்று உரிமையாளர் வருத்தப்படுவார். அது துணை வரிக்குப் போகட்டும், அல்லது நல்லெண்ணெய் விளம்பரத்துக்கு அதே பக்கத்தை நகலெடுத்துத் தலைப்பையும் படத்தையும் மாற்றிக்கொள்ளட்டும். நகலெடுக்க ஒரு மணி நேரம் ஆகுமா?

துணை வரியில் வாடிக்கையாளர் அடுத்துக் கேட்கப்போவதற்குப் பதில் இருக்க வேண்டும். ‘1 லிட்டர், 5 லிட்டர் கேன். தமிழ்நாடு முழுக்க 3 நாளில் கொரியர்.’ இந்த அளவு போதும். விலையையும் இங்கேயே போடலாமா என்பதில் கடைக்காரர்கள் இரண்டு கட்சி. கடலைப் பருப்பு விலை ஏறி இறங்கும்போதெல்லாம் பக்கத்தை மாற்ற ஆள் இருந்தால் போடுங்கள் என்பது என் கட்சி. பழைய விலை நிற்கும் பக்கத்தைவிட விலையில்லாத பக்கம் மேல்.

தமிழில் தலைப்பு வைக்கிறபோது ஆங்கிலப் பக்கத்துக்கு வராத ஒரு தொல்லை வரும். வாங்கும் தீம்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தவை. தலைப்புக்கு 48 பிக்சல், வரி உயரம் எழுத்தின் 1.1 மடங்கு என்று வைத்திருப்பார்கள். ஆங்கிலச் சொற்கள் சிறியவை, அது அங்கே சரி. நமக்கோ ‘குடும்பத்தினருக்காகவே’ என்று ஒரே சொல் நீண்டுவிடும். 48-ல் அது 360 அகலத்துக்குள் அடங்காது. வலப்பக்கம் பிதுங்கும், பக்கமே இடவலமாக ஆடத் தொடங்கும். வரி உயரம் 1.1 ஆக இருந்தால் மேல்வரியில் உள்ள ‘ழு’, ‘கு’ போன்றவற்றின் வால் கீழ்வரியின் புள்ளியிலும் ‘கி’யின் கொக்கியிலும் இடிக்கும். 28 பிக்சல் எழுத்தும் 1.4 மடங்கு வரி உயரமும் தமிழுக்கு ஒத்துவரும். நாம் எடுத்த தலைப்பு அந்த அளவில் ‘வாகை மரச்செக்கில்’, ‘ஆட்டிய கடலை’, ‘எண்ணெய்’ என்று மூன்று வரியாக அமரும். எழுத்துருவைப் பொறுத்துச் சற்று மாறலாம். எழுத்துருவும் தமிழுக்கென்று குறிப்பிட்டுக் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, மீரா இனிமை போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கில எழுத்துருவை மட்டும் சொல்லிவிட்டு விட்டால் ஒவ்வொரு போனும் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு தமிழைப் போட்டுக் காட்டும், போட்ட கணக்கு ஒரு போனில் சரியாகவும் மறு போனில் தவறாகவும் வரும்.

படத்துக்கு வருவோம். பணமும் நேரமும் அதிகம் வீணாவது இங்கேதான்.

எந்தப் படம்? இணையத்தில் விலைக்கு வாங்கிய, யாரோ ஒரு வெளிநாட்டுச் சமையலறைப் படம் வேண்டாம். செக்கு சுற்றுகிறது, உரலில் இருந்து எண்ணெய் வடிகிறது, பக்கத்தில் கடலைப் பருப்பு குவிந்திருக்கிறது: இதை உரிமையாளரின் போனிலேயே காலை வெளிச்சத்தில் எடுத்துவிடலாம். ஆனால் இரண்டு தடவை எடுக்க வேண்டும். கணினிக்குப் போனைப் படுக்க வைத்து ஒன்று. கைபேசிக்குச் செக்கை மட்டும் நெருங்கிப் போய் ஒன்று.

ஏன் இரண்டு? படம் தன் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று சொன்னால் பிரவுசர் அதைப் பெரிதாக்கி, மிஞ்சுவதை ஓரங்களில் வெட்டிவிடும். 16-க்கு 9 விகிதத்தில் எடுத்த அகலப் படத்தைக் கைபேசித் திரை முழுக்க, 360-க்கு 640 கட்டத்தில், நிரப்பப் பாருங்கள். உயரம் 640 ஆக வேண்டுமானால் அகலம் 1138 ஆகும். கட்டத்தின் அகலம் 360தான். படத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தெரியாது, நடுத்துண்டு மட்டும் நிற்கும். இடப்பக்கம் செக்கும் வலப்பக்கம் எண்ணெய்ப் பாத்திரமும் இருந்த படமானால் இரண்டும் போய், நடுவிலிருந்த சுவர் மட்டும் வாடிக்கையாளருக்குத் தெரியும். கணினியில் பார்த்து ஒப்புதல் கொடுத்த உரிமையாளருக்கு இது தெரியவே தெரியாது.

அளவும் முக்கியம். போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலமும் 4 எம்பி எடையும் இருக்கக்கூடும். வினாடிக்கு 5 மெகாபிட் வேகம் கிடைக்கும் இடத்தில் அது இறங்க ஆறு வினாடிக்கு மேல் ஆகும். 360 அகலத் திரையில் எவ்வளவு கூர்மையான போனுக்கும் 1080 பிக்சல் அகலம் போதும். 1080-க்கு 720 என்று வெட்டி, வெப்பி வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் 100 கேபிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அது அரை வினாடிகூட எடுக்காது. கூகுள் 2020-ல் அறிவித்த அளவுகோலில், திரையில் பெரிதாகத் தெரியும் உறுப்பு இரண்டரை வினாடிக்குள் வந்துவிட்டால் நல்லது என்று வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்தப் பெரிய உறுப்பு இந்தப் படமாகத்தான் இருக்கும்.

இரண்டு படங்களையும் இப்படிக் கொடுக்கலாம்:

```html
<picture>
  <source media="(max-width: 600px)"
          srcset="chekku-phone.webp"
          width="1080" height="720">
  <img src="chekku-desk.webp"
       width="1600" height="900"
       alt="மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டுதல்"
       fetchpriority="high">
</picture>
```

அகலம் 600 அல்லது அதற்குக் கீழ் என்றால் முதல் படம், அதற்குமேல் இரண்டாவது. `width`, `height` எண்களைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். அவை இருந்தால்தான் படம் வருவதற்கு முன்பே பிரவுசர் அதற்குரிய இடத்தை ஒதுக்கிவைக்கும். இல்லையென்றால் முதலில் எழுத்தும் பட்டனும் மேலே வந்து நிற்கும், படம் வந்ததும் எல்லாம் தடாலென்று கீழே இறங்கும். பட்டனைத் தொடப் போன விரல் வேறெதையோ தொடும். கடைசியில் உள்ள `fetchpriority` இந்தப் படத்தை முதலில் கொண்டுவா என்று பிரவுசருக்குச் சொல்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் தானாகவே நடந்துவிடும். கீழே இருக்கும் படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் ‘லேசி லோடிங்’ என்ற வசதி, வேர்டுபிரஸ்ஸில் 2020-ல் எல்லாப் படங்களுக்கும் தானாகவே வந்தது. கீழ்ப்படங்களுக்கு அது நல்லது. உச்சியில் உள்ள படத்துக்கும் பொருந்தியதால் அது தாமதமாக வரத் தொடங்கியது. 2022-ல் வந்த 5.9 பதிப்பில் முதல் படத்தை மட்டும் விட்டுவிடும்படி மாற்றினார்கள். ஆனாலும் தனியாகப் போட்ட பிளகின்கள் இன்னமும் அதைச் செய்கின்றன. பக்கம் திறந்ததும் எழுத்து வந்து, படத்தின் இடம் மட்டும் கொஞ்ச நேரம் வெறுமையாக நின்றால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

தானாக நகரும் படங்களின் வரிசை, அதாவது ஸ்லைடர், வேண்டும் என்று உரிமையாளர்கள் பெரும்பாலும் கேட்பார்கள். மூன்று எண்ணெய், மூன்று படம், ஒருவருக்கும் மனக்குறை இல்லை. அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகம் தன் முகப்புப் பக்கத்து ஸ்லைடரை அளந்து 2013-ல் வெளியிட்ட கணக்கில், வந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்தான் அதைத் தொட்டிருந்தார். தொட்டவர்களிலும் 84 விழுக்காடு முதல் படத்தையே தொட்டார்கள். மூன்றாம் படத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய் யாருக்குத் தெரியப்போகிறது?

படத்தின் மேலேயே தலைப்பை எழுதுவது அழகாகத்தான் இருக்கும், கணினியில். கடலை எண்ணெயின் பொன்னிறத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்து, உச்சி வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். கைபேசியில் படம் மேலே, எழுத்து அதன் கீழே வெற்றுப் பின்னணியில் என்று பிரித்துவிடுவதே நிம்மதி.

அதே நிறச் சிக்கல் பட்டனிலும் உண்டு, அங்கே இன்னும் மோசம். வாட்ஸ்அப் பட்டன் என்றால் அந்தப் பளிச்சென்ற பச்சை, `#25D366`, அதன்மேல் வெள்ளை எழுத்து என்று எல்லோரும் வைக்கிறார்கள். இரண்டு நிறங்களுக்கு நடுவே உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாகச் சொல்வது வழக்கம். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 வேண்டும் என்பது பார்வைக் குறைவு உள்ளவர்களையும் கருதி வகுத்த சர்வதேச அளவு. வாட்ஸ்அப் பச்சைமேல் வெள்ளைக்கு அந்த விகிதம் 2-ஐத் தொடவில்லை. செக்கு எண்ணெய் வாங்குகிறவர்களில் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்கள் கணிசம். `#075E54` என்ற அடர்பச்சையை வைத்தால் விகிதம் 7-ஐத் தாண்டும், பார்க்கவும் வாட்ஸ்அப் சாயல் போகாது.

பட்டனின் உயரம் விரலுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். ஆப்பிள் 44 என்கிறது, கூகுள் 48 என்கிறது. நாம் 52 வைத்தோம், அகலம் ஏறக்குறைய திரை முழுக்க. ஒரு கையில் பையும் மறுகையில் போனுமாக நிற்கிறவரின் கட்டைவிரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எட்டும்.

அதில் எழுதுவது ‘மேலும் அறிய’ அல்ல. அழுத்தினால் என்ன நடக்குமோ அதை எழுத வேண்டும்: ‘வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்ய’. வாட்ஸ்அப் என்றாலே பதில் எப்போது வருமோ என்று இருக்கிறவர்களுக்காக அதன்கீழே ‘போனில் பேச’ என்று ஒரு சாதாரண வரி போதும். இரண்டையும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் வைத்தால் வந்தவர் எதை அழுத்துவது என்று தயங்குவார். கூடவே ‘எங்களைப் பற்றி’, ‘கேட்டலாக்’ என்று மூன்றாவது, நான்காவது பட்டனும் சேர்ந்தால் 640-ஐத் தாண்டிவிடும்.

கீழே தள்ளிப் பார்க்க மாட்டார்களா, எல்லாவற்றையும் மேலேயே ஏன் திணிக்க வேண்டும் என்று கேட்கலாம். பார்ப்பார்கள். நீல்சன் நார்மன் குழுவினர் கண் அசைவை அளந்து 2018-ல் சொன்ன கணக்குப்படி, ஒரு பக்கத்தில் செலவாகும் பார்வை நேரத்தில் 57 விழுக்காடு முதல் திரைக்கு. 2010-ல் அது 80 ஆக இருந்தது. அது கணினித் திரையில் எடுத்த கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனவே செக்கு எந்த மரம், பருப்பு எங்கே வாங்குகிறார்கள், நல்லெண்ணெய்யில் கருப்பட்டி சேர்க்கிறார்களா என்பதெல்லாம் கீழே விரிவாக வரலாம். அதைப் படிக்க நேரமிருப்பவர் வருவார். மேலே இருக்க வேண்டியது வந்த இடம் சரி என்ற உறுதியும், வாங்கும் வழியும்.

கணினித் திரைக்கு என்ன செய்வது? பெரிதாக ஒன்றுமில்லை. அதே தலைப்பு, வரி, பட்டன் மூன்றும் இடப்பக்கம், அகலப் படம் வலப்பக்கம். கைபேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றவை இங்கே பக்கம் பக்கமாக நிற்கும். இதை முதலில் செய்துவிட்டுக் கைபேசிக்குச் சுருக்கப் போனவர்கள்தான் மேலே சொன்ன தொல்லைகளில் எல்லாம் மாட்டுகிறார்கள்.

பட்டனின் பின்னால் இருக்கும் இணைப்பையும் கொஞ்சம் கவனிக்கலாம். வாட்ஸ்அப் இணைப்பு `https://wa.me/91` என்று தொடங்கி அதன்பின் பத்து எண்கள் வரும். முன்னால் கூட்டல் குறி, பூஜ்யம், நடுவில் கோடு எதுவும் கூடாது. இருந்தால் இணைப்பு சரியாகத் திறக்காமல் போகலாம். அதன் முடிவில் `?text=` என்று போட்டு ஒரு வாசகத்தை முன்பே நிரப்பிக் கொடுக்க முடியும். ‘வணக்கம், 5 லிட்டர் கடலை எண்ணெய் வேண்டும்’ என்று தயாராக இருந்தால், எழுதத் தயங்குகிறவரும் அனுப்பும் குறியைத் தொட்டுவிடுவார். ஃபேஸ்புக் விளம்பரத்துக்கான பக்கத்தில் ‘வணக்கம்’ என்றும், இன்ஸ்டாகிராமுக்கான நகலில் ‘வணக்கங்க’ என்றும் தொடங்கினால், எந்த விளம்பரம் ஆர்டர் கொண்டுவருகிறது என்பதை உரிமையாளர் சாயங்காலம் தன் வாட்ஸ்அப்பைத் திறந்தே எண்ணிக்கொள்ளலாம்.